முதல் இருபது தனிமங்களுக்கு எந்தப் பாட்டு? மூன்று வடிவங்களின் ஒப்பீடு

ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் வேதியியல் படிக்கும் மாணவருக்கு ஹைட்ரஜன் முதல் கால்சியம் வரையிலான இருபது தனிமங்களும் அணு எண் வரிசையில் நாவில் நிற்க வேண்டும். இதற்கென ஆசிரியர்களும் பெற்றோரும் சொல்லித்தரும் பாட்டுகள் ஊருக்கு ஊர் மாறினாலும், அவற்றைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவை மூன்று வடிவங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. பெயர்களை அடிக்கு நான்காக அடுக்குவது ஒன்று. பெயர்களையே தனிம வரிசை அட்டவணையின் தொடர்களுக்கு ஏற்ப அடி பிரித்து அடுக்குவது இன்னொன்று. ஒவ்வொரு பெயரின் முதலெழுத்தையும் கொண்டு வேறொரு கதையைச் சொல்வது மூன்றாவது. இவற்றுள் எதைப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது என்பதை இங்கே ஆராய்கிறேன். இனிமையாக ஒலிப்பது மட்டும் போதாது, ஒரு பெயர் இடம் மாறினால் அந்தத் தவற்றைப் பாட்டே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் கொள்ளும் அளவுகோல்.

முதல் வடிவம் இப்படி அமையும்:

ஹைட்ரஜன் ஹீலியம் லித்தியம் பெரிலியம்
போரான் கார்பன் நைட்ரஜன் ஆக்ஸிஜன்
ஃபுளூரின் நியான் சோடியம் மெக்னீசியம்
அலுமினியம் சிலிக்கான் பாஸ்பரஸ் சல்பர்
குளோரின் ஆர்கான் பொட்டாசியம் கால்சியம்

ஒரு சொல்லைக்கூடப் புதிதாகச் சேர்க்காமலேயே இது பாட்டாகிவிடுகிறது. ஒன்று, மூன்று, ஐந்தாம் அடிகள் ‘யம்’ என்று முடிந்து இயைபு தருகின்றன. அடிக்கு நான்கு சீர் வருவதால் கைதட்டிச் சொல்லவும் எளிது. அணு எண்ணைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். அடிகளின் இறுதியில் நிற்கும் பெரிலியம், ஆக்ஸிஜன், மெக்னீசியம், சல்பர், கால்சியம் ஆகியவற்றின் அணு எண்கள் 4, 8, 12, 16, 20 என நான்காம் வாய்பாடாகவே வருகின்றன. அணு எண் 11 எது என்று கேட்டால், மூன்றாம் அடியின் இறுதிக்கு முந்தைய பெயரான சோடியம் என்று விரல் விட்டே சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த இனிமை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இதன் குறையும் தெரிந்துவிடும். இருபது பெயர்களில் எட்டு ‘யம்’ என்றும் பத்து ‘ன்’ என்றும் முடிகின்றன. இந்த இரண்டிலும் சேராதவை பாஸ்பரஸும் சல்பரும் மட்டுமே. எந்தப் பெயரை எங்கே வைத்தாலும் ஏதோ ஓர் இயைபு கிடைத்துவிடும் என்பதால், பெயர் இடம் மாறினாலும் காதுக்கு உறுத்தாது. சீரின் ஓசையும் துணைக்கு வருவதில்லை. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், நைட்ரஜன், ஆக்ஸிஜன், சோடியம், பாஸ்பரஸ், கால்சியம் ஆகிய எட்டும் யாப்பின்படி கூவிளச் சீர்கள். போரானும் கார்பனும் தேமாச் சீர்கள். ஆகவே ‘ஆக்ஸிஜன் நைட்ரஜன்’ என்றோ ‘கார்பன் போரான்’ என்றோ மாற்றிச் சொல்லும் மாணவருக்கு ஓசையில் எந்த இடறலும் தோன்றாது; தாம் சரியாகச் சொன்னதாகவே நம்பி அடுத்த அடிக்குப் போய்விடுவார்.

இந்த வடிவத்தில் இதைவிடப் பெரிய இழப்பு அடி பிரியும் இடத்தில் இருக்கிறது. ஹீலியத்தோடு முதல் தொடர் முடிகிறது, நியானோடு இரண்டாம் தொடர் முடிகிறது, ஆர்கானோடு மூன்றாம் தொடர் முடிகிறது. மேலே உள்ள பாட்டில் இந்த மூன்றும் அடிகளின் நடுவே, இரண்டாம் சீராக மறைந்து நிற்கின்றன. வரிசையை மட்டும் ஒப்பிப்பவருக்கு இதனால் தீங்கில்லை. எலக்ட்ரான் அமைப்பு எழுத வேண்டியவருக்கோ பாட்டு ஒரு பக்கமும் அட்டவணை ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகின்றன.

மூன்றாவது வடிவத்தை அடுத்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதலெழுத்துகளைக் கொண்டு நான் அமைத்த ஒரு கதைப் பாட்டு:

ஹையா, ஹீரோ லிங்கம் பெரியப்பா
போனார் காரில் நைசாக ஆற்றுக்கு;
ஃபுல்லாய் நிறைத்த சோற்றை மெதுவாய்
அள்ளிச் சிரித்தார், பாவம், சற்றே
குளித்த ஆர்வத்தில் பொத்தெனக் கால்வழுக்கினார்.

இதில் ஒரு சொல்லுக்கு ஒரு தனிமம். ‘ஹையா’ ஹைட்ரஜனையும் ‘ஹீரோ’ ஹீலியத்தையும் குறிக்க, இப்படியே ‘கால்வழுக்கினார்’ கால்சியத்தில் வந்து முடிகிறது. முதலெழுத்து மட்டும் ஒத்தால் போதாது என்பது இதை அமைக்கும்போதே தெரியவரும். ‘கா’ என்று தொடங்குபவை கார்பன், கால்சியம் என இரண்டு. ‘ஆ’ என்று தொடங்குபவை ஆக்ஸிஜன், ஆர்கான் என இரண்டு. அதனால்தான் கார்பனுக்குக் ‘காரில்’ என்றும் கால்சியத்துக்குக் ‘கால்வழுக்கினார்’ என்றும், இரண்டாம் எழுத்தும் ஒத்துவரும் சொற்களைத் தேர்ந்தேன். ‘ஆர்வத்தில்’ என்ற சொல் ஆர்கானுக்கு அமைந்ததும் அப்படியே. கார்பனுக்குக் ‘காட்டுக்கு’ என்று வைத்திருந்தால், கேட்பவர் கார்பனா கால்சியமா என்று தடுமாறியிருப்பார்.

கதை நினைவில் நிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆற்றில் பெரியப்பா வழுக்கி விழுந்ததை எந்தப் பிள்ளையும் மறக்காது. ஆனால் கதை நினைவில் நிற்பதும் சொற்களின் வரிசை நினைவில் நிற்பதும் ஒன்றல்ல. அதிலும் தமிழில் இந்த இடைவெளி பெரிது. இரண்டாம் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘போனார் காரில் நைசாக ஆற்றுக்கு’ என்பதைக் ‘காரில் நைசாக ஆற்றுக்குப் போனார்’ என்று சொன்னாலும் பொருள் மாறாது. சொல்லப்போனால் வினைமுற்று இறுதியில் வருவதுதான் தமிழுக்கு இயல்பு என்பதால், சில வாரங்கள் கழித்து நினைவுகூரும் நாக்கு தானாகவே அப்படி மாற்றிவிடும். அவ்வாறு மாறினால் போரான் நான்கு பெயர்களுக்கு இறுதியில் போய் நிற்கும். வேற்றுமை உருபுகளே பொருளைக் காத்துவிடுவதால் சொற்கள் இடம்பெயர இடம் கொடுக்கும் மொழியில், ஒரு வாக்கியத்தை நம்பி வரிசையை ஒப்படைப்பது ஆபத்தானது.

இதற்கு மாற்று உண்டு. அந்த மாற்றும் மேலேயுள்ள பாட்டிலேயே இருக்கிறது. ‘நிறைத்த சோற்றை’ என்பதில் ‘நிறைத்த’ பெயரெச்சம். அது பெயருக்குப் பின்னே போக முடியாது. ஆகவே நியானும் சோடியமும் இடம் மாறா. ‘குளித்த ஆர்வத்தில்’ என்பதும் அப்படியே குளோரினையும் ஆர்கானையும் பூட்டிவைக்கிறது. ‘அள்ளிச் சிரித்தார்’ என்பதில் வினையெச்சம் முன்னும் முற்று பின்னுமாக நிற்பதால் அலுமினியமும் சிலிக்கானும் பத்திரமாக இருக்கின்றன. கதைப் பாட்டு அமைக்க விரும்புபவர் இயன்றவரை பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் கொண்டே சொற்களைக் கோக்க வேண்டும். தனித்தனியாக உலவும் ‘காரில்’, ‘ஆற்றுக்கு’, ‘மெதுவாய்’ போன்றவற்றைக் குறைக்க வேண்டும். இருபது சொற்களையும் அப்படிக் கோப்பது மிகக் கடினம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கதைப் பாட்டுக்கு மேலும் இரண்டு வரம்புகள் உள்ளன. பெரிலியம் என்ற பெயரையே முன்பு கேட்டிராத பிள்ளைக்குப் ‘பெரியப்பா’ என்ற சொல்லால் அது தோன்றாது. பெயர்கள் ஏற்கெனவே தெரிந்து, வரிசை மட்டும் குழம்புபவருக்கே இவ்வடிவம் பயன்படும். அடுத்து, இது பெயரின் எழுத்துவடிவத்தை முழுக்கச் சார்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் ஹைட்ரஜன் ஐதரசன் என்றும், ஹீலியம் ஈலியம் என்றும், ஆக்ஸிஜன் ஒட்சிசன் என்றும், கார்பன் காபன் என்றும் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ‘ஹையா, ஹீரோ’ என்ற தொடக்கம் எதையும் நினைவூட்டாது. அங்கே கதையையே புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

இனி, நான் பரிந்துரைக்கும் இரண்டாவது வடிவம்:

ஹைட்ரஜன் ஹீலியம்
லித்தியம் பெரிலியம் போரான் கார்பன்
நைட்ரஜன் ஆக்ஸிஜன் ஃபுளூரின் நியான்
சோடியம் மெக்னீசியம் அலுமினியம் சிலிக்கான்
பாஸ்பரஸ் சல்பர் குளோரின் ஆர்கான்
பொட்டாசியம் கால்சியம்

இதிலும் புதிய சொல் ஒன்றும் இல்லை. முதல் வடிவத்திலிருந்து மாறியிருப்பது அடி பிரிப்பு மட்டுமே. முதலடியும் இறுதியடியும் இருசீர்க் குறளடிகள். நடுவில் உள்ள நான்கும் நாற்சீர் அளவடிகள். முதல் தொடருக்கு இரண்டு, இரண்டாம் தொடருக்கு எட்டு, மூன்றாம் தொடருக்கு எட்டு, நான்காம் தொடரில் தொடக்கமாக இரண்டு என்ற வேதியியல் கணக்கு அப்படியே அடிக் கணக்காகிவிட்டது. ஓசையும் கெடவில்லை. குறளடிகள் இரண்டும் ‘யம்’ என்று முடிகின்றன. நடுவில் உள்ள அளவடிகள் நான்கும் ‘ன்’ என்று முடிகின்றன. அவற்றிலும் நியான், சிலிக்கான், ஆர்கான் மூன்றும் ‘ஆன்’ என்று ஒத்திசைக்கின்றன. தொடக்கத்தையும் முடிவையும் குறுகிய அடிகளே காட்டிவிடுவதால், எங்கே நிறுத்துவது என்ற தயக்கமும் எழாது.

இதன் பயனை ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம். அணு எண் 15 கொண்ட தனிமம் எது, அதன் எலக்ட்ரான் அமைப்பு என்ன என்று வினாத்தாளில் கேட்கிறார்கள் என்று கொள்வோம். அடிகளின் இறுதியில் அமையும் எண்கள் 2, 6, 10, 14, 18, 20. நான்காம் அடி 14-இல் சிலிக்கானோடு முடிகிறது. எனவே 15 என்பது ஐந்தாம் அடியின் முதற்சீராகிய பாஸ்பரஸ். எலக்ட்ரான் அமைப்புக்கு வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை. முதலடியில் இரண்டு சீர். அடுத்த இரண்டு அடிகளிலும் சேர்ந்து எட்டு. எஞ்சியவை நான்காம் அடியின் நான்கும் ஐந்தாம் அடியின் ஒன்றுமாக ஐந்து. விடை 2, 8, 5. பொட்டாசியத்துக்கும் இதே வழிதான்: இரண்டு, எட்டு, எட்டு, இறுதியடியில் ஒன்று, 2, 8, 8, 1. முதல் வடிவத்தைக் கற்றவரும் பதினைந்தாவது பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவார். அமைப்பை எழுதுவதற்கு மட்டும் அவர் வேறொரு விதியைத் தேட வேண்டியிருக்கும்.

அடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஓரடி விட்டு ஓரடி பார்த்தால் இன்னொன்று புலப்படும். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இணை. மூன்றாம் அடியும் ஐந்தாம் அடியும் இணை. லித்தியம் நிற்கும் இடத்தில் சோடியமும், கார்பன் நிற்கும் இடத்தில் சிலிக்கானும், ஃபுளூரின் நிற்கும் இடத்தில் குளோரினும், நியான் நிற்கும் இடத்தில் ஆர்கானும் வருகின்றன. ஒரே சீரிடத்தில் வருபவை ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இணைதிறனும் இதிலிருந்தே கிடைத்துவிடும்: இரண்டாம், நான்காம் அடிகளில் சீர் வரிசையாக 1, 2, 3, 4, மூன்றாம், ஐந்தாம் அடிகளில் 3, 2, 1, 0. பாஸ்பரஸும் சல்பரும் இதைவிட உயர்ந்த இணைதிறனையும் சில சேர்மங்களில் காட்டும் என்பதைப் பின்னாளில் படிப்பார்கள். பள்ளித் தொடக்கத்துக்கு இந்த எண்கள் போதும். இந்த ஒழுங்குக்குள் அடங்காதது ஹீலியம் ஒன்றே. முதலடியில் இரண்டாம் சீராக நிற்பதைப் பார்த்து அதைப் பெரிலியத்தோடு சேர்த்துவிடக் கூடாது. அதன் இடம் நியானின் தலைக்கு மேலே, மந்த வாயுக்களோடு.

எட்டுக்கு ஒருமுறை பண்பு திரும்பி வருவதை முதலில் பாட்டோடு ஒப்பிட்டவர் ஜான் நியூலாந்து என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1865-இல் அவர் இதை இசையின் சுர வரிசையோடு ஒப்பிட்டு எண்ம விதி என்று வெளியிட்டார். ஏறத்தாழ கால்சியம் வரையிலுமே அது நன்றாகப் பொருந்தியது. ஆர்கான் 1894-இலும் நியான் 1898-இலும்தான் கண்டறியப்பட்டன என்பதால், அவர் எண்ணிய வரிசையில் மந்த வாயுக்களே இல்லை. ஒரு தனிமத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் எட்டாவதாக அதன் இணை வந்தது. இன்று நாம் பாடும் அடிகளில் நியானும் ஆர்கானும் சேர்ந்துவிட்டதால், அந்த இணை ஒன்பதாவதாக வருகிறது.

இவ்வளவு சிறப்பிருந்தும் இரண்டாம் வடிவத்திலும் பெயர்கள் தடம் மாறும் இடங்கள் உண்டு. அவற்றில் முதலாவதை இயைபே உண்டாக்குகிறது. நியான், சிலிக்கான், ஆர்கான் என்று மூன்று அடிகள் ‘ஆன்’ என்று முடியும்போது, இரண்டாம் அடியும் அப்படியே முடிய வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். அங்கே நிற்கும் கார்பன் ‘அன்’ என்று முடிய, அதற்கு முந்தைய போரானோ ‘ஆன்’ என்று முடிகிறது. அதனால் ‘லித்தியம் பெரிலியம் கார்பன் போரான்’ என்று தவறாகச் சொல்வதுதான் காதுக்கு இனிமை. இங்கே இயைபை நம்பாமல் மோனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘பெரிலியம் போரான்’ என்ற இரண்டும் பகரத்தில் தொடங்குகின்றன. இவற்றை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டு, சிறிது நிறுத்திக் ‘கார்பன்’ என்று தனியே சொல்லப் பழக்கினால் இந்த மாற்றம் நேராது.

மூன்றாம் அடியில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இடம் மாறாமல் காப்பதும் மோனைதான். அவ்வடி நகரத்தில் தொடங்கி நகரத்தில் முடிகிறது: நைட்ரஜன் முதலில், நியான் இறுதியில். இந்த ஒரே குறிப்பு வேறொரு தவற்றையும் தடுக்கிறது. ஃபுளூரின், குளோரின் ஆகிய இரண்டும் ஒலியில் நெருங்கியவை. அவற்றை அடுத்து வரும் நியானும் ஆர்கானும் ஒரே இயைபு உடையவை. எனவே மூன்றாம் அடியைச் சொல்லிக்கொண்டு போகும் மாணவர் ‘ஃபுளூரின் ஆர்கான்’ என்று தாவி, அங்கிருந்து பொட்டாசியத்துக்குப் போய்ப் பாட்டை முடித்துவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் மொத்த எண்ணிக்கை பன்னிரண்டாகக் குறையும். அடிகளை விரலில் எண்ணிக்கொண்டே சொல்பவர் ஆறாவது விரலுக்கு எட்டாமல் நின்றுவிடுவதால் உடனே கண்டுகொள்வார். நகரத்தில் தொடங்கிய அடி நகரத்தில்தான் முடிய வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்தத் தாவலே நேராது.

சல்பரா, கந்தகமா என்ற கேள்வியும் எழும். ஓசைக்குக் கந்தகம் பொருத்தம். ‘பாஸ்பரஸ் கந்தகம்’ என்று இரண்டு கூவிளச் சீர்கள் அடுத்தடுத்து நன்றாக ஓடும். ஆயினும் குறியீடு S என்பதால், சல்பர் என்று சொல்லிப் பழகியவருக்கே எழுத எளிது. குறியீட்டைப் பொறுத்தவரை இந்த மூன்று பாட்டுகளில் எதுவுமே முழுத் துணை ஆகாது. இருபதில் பதினெட்டுத் தனிமங்களின் குறியீடுகள் பெயரின் முதல் ஒலியோடு ஒத்துவரும். சோடியத்துக்கு Na, பொட்டாசியத்துக்கு K என்பவை மட்டும் நாட்ரியம், காலியம் என்ற லத்தீன் பெயர்களிலிருந்து வந்தவை. நான்காம் அடியின் தலையிலும் ஆறாம் அடியின் தலையிலும் நிற்கும் இந்த இரண்டையும் தனியாகச் சொல்லித்தருவதே வழி. இரண்டாம் வடிவத்தில் இவை அடியின் முதற்சீர்களாக அமைவதால் அடையாளம் காட்டுவது எளிது. முதல் வடிவத்தில் இரண்டுமே மூன்றாம் சீராக உள்ளே புதைந்திருக்கின்றன.

சிலர் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி சேர்த்து, ‘எரியும் ஹைட்ரஜன், ஏற்றும் ஹீலியம்’ என்பதுபோலப் பாடச் செய்கிறார்கள். பண்புகளைக் கற்பிக்க அது நல்லது. வரிசைக்கு அது உதவாது. நினைவில் வைக்க வேண்டிய சொற்கள் இருபதிலிருந்து நாற்பதாகின்றன, அடைமொழியோடு சேர்ந்தே பெயர் இடம் மாறினாலும் தெரிவதில்லை.

ஆகவே யாருக்கு எது என்பதை இப்படி வகுக்கலாம். ஏழாம், எட்டாம் வகுப்பில் பெயர்களை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைக்கு முதல் வடிவம் போதும். அணு எண் மட்டும் கேட்கப்படும் தேர்வுக்கும் அது விரைவானது. பெயர்கள் அனைத்தும் தெரிந்தும் நாளைய தேர்வுக்கு வரிசை நிற்கவில்லை என்று கலங்குபவருக்குக் கதைப் பாட்டைத் தரலாம். ஆனால் அதை அடுத்த ஆண்டுக்கு நம்ப வேண்டாம். எலக்ட்ரான் அமைப்பு, இணைதிறன், தொகுதி, தொடர் என்று மேலே படிக்கப்போகும் எவருக்கும் இரண்டாம் வடிவத்தையே தொடக்கத்திலிருந்து கற்றுத்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வடிவத்தை நாக்கில் ஏற்றியபின் இரண்டாவதற்கு மாற்றுவது எளிதன்று. பெயர்கள் ஒன்றாகவே இருப்பதால் பழைய அடி பிரிப்பு மறுபடி மறுபடி குறுக்கிடும்.

கற்றுத்தந்தபின் பாட்டை முதலிலிருந்து சொல்லச் சொல்லிச் சோதிப்பதில் பயனில்லை; ஓசையின் வேகத்தில் எல்லாம் சரியாகவே வரும். சிலிக்கானுக்கு முன்னால் எது, ஆர்கானுக்கு அடுத்து எது, அட்டவணையில் ஆக்ஸிஜனுக்கு நேர்கீழே எது என்று நடுவிலிருந்து கேட்க வேண்டும். ஆர்கானுக்கு அடுத்தது எது என்ற கேள்வி தனிச்சிறப்பு உடையது. ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10, நிறைப்படி அடுக்கினால் பொட்டாசியம் முன்னே வந்து, மந்த வாயுக்கள் நிற்க வேண்டிய இடத்தில் கார உலோகம் போய் நின்றுவிடும். 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு எண்ணுக்கு அடிப்படை வகுத்தபின்தான் இந்த முரண் தீர்ந்தது. நம் பாட்டில் ஐந்தாம் அடி முடிந்து ஆறாம் அடி தொடங்கும் இடம் அதுவே.

இருபதுக்கு மேல் இதே பாட்டை நீட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, கூடாது என்றே சொல்வேன். 21-ஆம் தனிமம் ஸ்காண்டியம். அங்கிருந்து துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள் உட்கூட்டை நிரப்பிக்கொண்டு இடையே நுழைகின்றன. பொட்டாசியம், கால்சியம் என்று தொடங்கும் அடியில் மூன்றாம் சீராக ஸ்காண்டியத்தைச் சேர்த்தால், அது அலுமினியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த இடத்துக்கு உரியது Ga என்ற குறியீடு கொண்ட காலியம் என்னும் வேறொரு தனிமம்; அதன் அணு எண் 31. இறுதியடியை இருசீரோடு நிறுத்திவிட்டு, அந்தப் பத்துக்கும் தனியாக வேறொரு பாட்டை அமைத்துக்கொள்ளலாம்.